களையோடு சேர்த்து வண்டையும் அள்ளாதீர்கள்

நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். ஆனால் நம் ஏரிக்கரையில் நடை போகிறவர்கள், போட்டோ எடுத்துப் போட்டு "சூப்பர் நகராட்சி" என்று எழுதியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மே மாதம் ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் பணி கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்பட்டது. பொக்லைன் வந்தது, மிதவை எந்திரம் வந்தது, டிப்பர் லாரிகள் வரிசையில் நின்றன. மூன்று வாரத்தில் தண்ணீர் தெரிந்தது. நானும் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை. இப்போது போய்ப் பாருங்கள். தண்ணீரைத் தேட வேண்டும். இது நான்காவது முறை. நான்கு முறையும் அதே கொடி, அதே எந்திரம், அதே பச்சை.

அடுத்த ஏப்ரலில் ஐந்தாவது முறைக்கு டெண்டர் விடப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அதற்கு முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்திரத்துக்கு எதிரி அல்ல. ஏரி முழுவதையும் ஒரே மூச்சில் வழித்து எடுக்கும் இந்த முறைக்குத்தான் எதிரி. அது களையை ஒழிக்கவில்லை. களையை ஒழிக்கக்கூடிய ஒன்றையே ஒழித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் பெயர். இதை ஆகாயத்தாமரை என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. சித்த வைத்தியத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி, முட்டைக்கோசு போல மிதக்குமே, அது. நம் ஏரியில் இருப்பது காம்பு வெங்காயம் போலப் புடைத்து, ஊதா நிறப் பூ பூக்கும் வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிச் செடி. பூ அழகாக இருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. பழகிவிட்டதால் நானும் ஆகாயத்தாமரை என்றே எழுதுகிறேன்.

இனி கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான்.

களை மூடிய பரப்பு சுமார் 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்து வளர்ந்த இடத்தில் ஒரு ஹெக்டேருக்கு 300 டன் பச்சைச் செடி இருக்கும். மொத்தம் 12,000 டன். இதில் 100-க்கு 95 பங்கு தண்ணீர். லாரி வைத்து நாம் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் ஏரித் தண்ணீரைத்தான்.

சரி, எடுத்தாகிவிட்டது. 95 சதவீதம் எடுத்துவிட்டார்கள் என்றே நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்வோம். மீதி 2 ஹெக்டேர். நாணல் மறைவில், மதகோரத்தில், எந்திரத்தின் கை எட்டாத மூலையில் இருக்கும் செடிகள். சூடும் சாக்கடையும் உள்ள தண்ணீரில் இந்தச் செடி ஒன்றிலிருந்து இன்னொன்றாகக் கிளைத்து இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். 2, 4, 8, 16, 32. நான்கே இரட்டிப்பு, இரண்டே மாதம். நெருக்கம் கூடக் கூட வேகம் குறையும் என்று ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மே கடைசியில் முடித்த வேலை ஆகஸ்ட் கடைசியில் காணாமல் போகும். நம் ஏரியில் நடந்தது அதுதான்.

"இன்னும் சுத்தமாக எடுத்திருக்க வேண்டும்" என்பார்கள். 5 சதவீதம் மிச்சம் வைப்பதற்குப் பதில் 1 சதவீதம் மட்டும் மிச்சம் வைத்தால் என்ன கிடைக்கும்? இரண்டேகால் இரட்டிப்பு தாமதம், சுமார் ஐந்து வாரம். அவ்வளவுதான். ஐந்து மடங்கு சுத்தத்துக்கு ஐந்து வாரம்! இது ஒப்பந்தக்காரரின் சோம்பலால் வந்த தோல்வி அல்ல. இரட்டிக்கும் பொருளை ஒருமுறை கழித்துப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் தோற்பார். போதாததற்கு இதன் விதை சேற்றில் 20 ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். வற்றிய கரையில் வெயில் பட்டு, பிறகு மழைத்தண்ணீர் நின்றால் முளைக்கும்.

பச்சையாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நண்பர் போன பதிவில் எழுதினார். அவருக்காக ஆக்சிஜன் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரித் தண்ணீரில், ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்து நிற்கும். அது இரண்டு வழியில் வருகிறது. காற்று தண்ணீரை அலைக்கும்போது கரைகிறது. தண்ணீருக்குள் இருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரிக்கும்போது வெளிவிடுகிறது. ஆகாயத்தாமரைப் போர்வை இரண்டு வழியையும் அடைத்துவிடும். அலை இல்லை, வெளிச்சம் இல்லை. இந்தச் செடியும் ஆக்சிஜன் விடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். விடுகிறது, ஆனால் இலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அது விடும் ஆக்சிஜன் காற்றுக்குப் போகிறது, மீனுக்குப் போவதில்லை. கீழே உதிரும் வேரும் அழுகும் இலையும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்கின்றன. தடித்த போர்வைக்கு அடியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லாமல் போவது சாதாரணம். கட்லாவும் ரோகுவும் நன்றாக வளர நான்கு, ஐந்தாவது வேண்டும்.

கருவி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். இரவெல்லாம் ஆக்சிஜன் செலவாகுமே தவிர வரவு இல்லை. அதனால் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். காலை ஐந்தரைக்குப் போர்வையின் ஓரத்தில் நின்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கட்லாவும் ரோகுவும் மறைந்து, காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரிந்த விராலும் கெளுத்தியும் மட்டும் வலையில் விழத் தொடங்கினால் ஏரிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். என்னிடம் படித்தவர் ஒருவர் நம் ஏரியில் மீன் பிடிக்கிறார். "சார், முன்னெல்லாம் பரிசலைத் தள்ளி விட்டா அக்கரைக்குப் போக அரைமணி நேரம். இப்ப துடுப்பே உள்ள இறங்க மாட்டேங்குது. வலையை விரிக்க எடமில்ல, விரிச்சா இழுக்க முடியல" என்றார். மோட்டார் படகு என்றால் விசிறியில் வேர் சுற்றி நின்றுவிடும். பாதிப்பு நடைப்பயிற்சிக்காரர்களான நமக்கு அல்ல, அவருடைய அடுப்புக்கு.

இதைவிடப் பல நூறு மடங்கு பெரிய இடத்தில் இதே சண்டை நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும் ஏரி. அங்கே 1980-களின் இறுதியில் இந்தச் செடி கண்ணில் பட்டது. ருவாண்டா பக்கமிருந்து வரும் ககேரா ஆறு தொடர்ந்து அதைக் கொண்டுவந்து கொட்டியது. 1998-இல் கென்யாவின் வினம் வளைகுடாவில் மட்டும் சுமார் 17,000 ஹெக்டேர் மூடிக்கிடந்தது. கிசுமு துறைமுகத்தில் கப்பல் கரையைத் தொட முடியவில்லை. மீன் இறக்கும் துறைகள் அடைபட்டன. காற்று திசை மாறினால் திட்டு நகர்ந்துவந்து படகுகளைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

அவர்கள் இரண்டையும் செய்து பார்த்தார்கள். ஒன்று எந்திரம். கென்யாவில் செடியை நறுக்கி ஏரியிலேயே விடும் எந்திரங்களை இறக்கினார்கள். நறுக்கியது மூழ்கி அழுகும். அழுகினால் ஆக்சிஜன் போகும், செடி உறிஞ்சி வைத்திருந்த உரச்சத்தும் மறுபடி தண்ணீருக்கே வரும். அடுத்த தலைமுறைச் செடிக்கு விருந்து. உகாண்டாவில் துறைமுகத்தையும் நீர்மின் நிலையத்தையும் காப்பாற்ற அள்ளும் எந்திரங்களை வைத்தார்கள். அந்த இடங்களுக்கு அது பயன்பட்டது, ஏனென்றால் அங்கே தினமும் அள்ளினார்கள்.

இன்னொன்று கூன்வண்டு. நியோகெட்டினா என்ற இனத்தைச் சேர்ந்த இரண்டு வகை. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் போகாத சாம்பல்பழுப்பு வண்டு. இந்தச் செடியின் தாயகமே இதற்கும் தாயகம். வளர்ந்த வண்டு இலையின் மேல்தோலைச் சுரண்டித் தின்னும். புழு காம்புக்குள் துளைத்துக்கொண்டு குருத்துவரை போகும். பிறகு தண்ணீருக்குள் வேரில் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று மாதம். உகாண்டாவில் 1995-லும் கென்யாவில் 1997-லும் விட்டார்கள். மீனவர்களே தொட்டிகளில் வளர்த்து ஏரியில் விட்டார்கள். ஓர் ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. கேலி செய்தவர்கள் உண்டு. 1999-இல் செடிகள் குட்டையாகி, பழுப்பேறி, திட்டுத் திட்டாக மூழ்கின. 2000-க்குள் அந்த 17,000 ஹெக்டேரில் மிகப் பெரும்பகுதி போய்விட்டது.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுப் பெருமையும் வண்டுக்கு இல்லை என்று வாதிடும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். 1997-98 எல் நினோவால் மேகமூட்டம், வெள்ளம், அலை எல்லாம் சேர்ந்து செடியைப் பலவீனப்படுத்தின என்கிறார்கள். வண்டு கடித்து மிதக்கும் சக்தி குறைந்த செடியைத்தான் அலை உடைத்தது என்கிறார்கள் எதிர்த் தரப்பினர். எனக்கு இரண்டாவது வாதம் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இரு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு. 2006-07 வாக்கில் பெருமழை உரச்சத்தை அடித்துக்கொண்டு வந்தபோது செடி மறுபடி தலைதூக்கியது. வண்டு களையை அடியோடு அழிக்காது. சத்து கொட்டிக்கொண்டே இருந்தால் களை மீண்டும் எழும். வண்டு ஆள் வைக்காமல், டீசல் ஊற்றாமல், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து அதை அடக்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இரட்டிப்பு வேகத்தைக் குறைப்பதே அதன் வேலை. மேலே போட்ட கணக்கில் எந்திரத்தால் தொடமுடியாத எண் அதுதான்.

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன். இந்த வண்டு வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 1980-களிலேயே பெங்களூருக்குக் கொண்டுவந்து, நம் பயிர்களைத் தின்கிறதா என்று சோதித்து, அங்குள்ள ஏரிகளில் விட்டுப் பலன் கண்டார்கள். அதன் பிறகு பல இடங்களுக்குப் பரவிவிட்டது. போன பிப்ரவரியில் வடகரையில் பத்து இலை பறித்துப் பார்த்தேன். ஏழு இலையில் அரிசி அளவுக்கும் சிறிய சதுரத் தழும்புகள். காம்பைப் பிளந்தால் பழுப்புச் சுரங்கம். ஒன்றில் கால் இல்லாத வெள்ளைப் புழு. கூன்வண்டின் கையெழுத்து அது. யாரும் அழைக்காமல் நம் ஏரிக்கு வந்து வேலையைத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதியில் செடி முழங்கால் உயரத்துக்கு மேல் போகவில்லை, பூவும் குறைவு. தென்கரையில் இடுப்பளவு.

மே மாதம் என்ன செய்தோம்? வடகரையையும் சேர்த்து வழித்தோம். முட்டை இலைக்காம்பில், புழு குருத்தில், கூட்டுப்புழு வேரில். செடியை அள்ளினால் நான்கு பருவமும் மொத்தமாக லாரியில் ஏறிவிடும். குப்பைமேட்டில் காய்ந்து செத்துவிடும். மிச்சமிருந்த 2 ஹெக்டேர் செடி இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். வண்டுக்கோ ஒரு தலைமுறைக்கே இரண்டு மூன்று மாதம். பந்தயம் ஒவ்வொரு ஆண்டும் மறுபடி தொடங்குகிறது, ஒவ்வொரு முறையும் வண்டின் காலை உடைத்துவிட்டுத் தொடங்குகிறோம். பிறகு "பூச்சியெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது சார்" என்று என்னிடமே சொல்கிறார்கள்!

பூச்சியை நம்பினால் நாளை நெல்லைத் தின்னாதா என்ற பயம் நியாயமானது. பதில் இரண்டு. இந்த வண்டின் வாழ்க்கை முழுவதும் இந்தச் செடியின் காம்பு, குருத்து, வேர் ஆகியவற்றோடு பிணைந்தது. நெல்லில் அது குடும்பம் நடத்த முடியாது. 1970-களிலிருந்து உலகின் பல நாடுகளில் விடப்பட்டும் எங்கும் பயிர்ப்பூச்சியாக மாறவில்லை. இரண்டாவது, நம்மிடமே முன்னனுபவம் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளையாக மூடியது நினைவிருக்கிறதா? மருந்து அடித்து அடித்து ஓய்ந்த பிறகு 2010-இல் வெளியிலிருந்து கொண்டுவந்த சின்னக் குளவிகள்தான் கட்டுப்படுத்தின. அன்று கைதட்டிய விவசாயத்துறைதானே இது?

வண்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெதுவானது, பலன் தெரிய மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். ஆண்டுதோறும் முழுக்க வற்றும் குட்டைக்கு உதவாது. களைக்கொல்லி அடித்தால் செடியோடு அதன் வீடும் போகும். கடித்த திட்டு ஒரே நேரத்தில் மூழ்கினாலும் சில நாள் ஆக்சிஜன் குறையத்தான் செய்யும். மீனவருக்கு நாளைக்கே வழி திறந்துவிட வண்டால் முடியாது. அதற்குத்தான் எந்திரம்.

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்த டெண்டரில் ஏரி முழுவதையும் சேர்க்காதீர்கள். பரிசல் போகும் பாதை, படித்துறை, மதகு, இந்த மூன்றை மட்டும் எந்திரம் திறக்கட்டும். மூங்கிலும் காலி டிரம்மும் கட்டிய மிதவைத் தடுப்பு போட்டு, திறந்த இடத்தை மாதாமாதம் திறந்தபடியே வைக்கட்டும். அள்ளியதைக் கரையில் குவிக்காமல் தொலைவில் கொட்டி மக்கவைக்கட்டும். வடகரையில் தழும்பு உள்ள திட்டைத் தொடவே வேண்டாம். அங்கிருந்து சில நூறு செடிகளைப் பரிசலில் ஏற்றித் தென்கரைச் செடிகளுக்கு நடுவில் விடுங்கள். வண்டு தானே இறங்கி நடக்கும். இதற்குக் கொடியசைக்க ஒருவரும் தேவையில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் ஒரே குறை.

பணம் கொடுக்கும் முறையையும் மாற்றுங்கள். இப்போது எத்தனை நடை லாரி போனதோ அத்தனைக்குப் பணம். களை நிறைய இருந்தால் வருமானம் நிறைய. அடுத்த ஆண்டும் களை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட வைக்கும் ஒப்பந்தம் இது. பன்னிரண்டு மாதமும் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்து மாதாமாதம் பணம் கொடுங்கள். ஒரே இடத்தில் நின்று மாதம் ஒரு படம், பத்து இலை பறித்துத் தழும்பு எண்ணிக்கை. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போதும். பிள்ளைகளை நான் கூட்டிவருகிறேன்.

கடைசியாக, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஏரியில் விழும் அந்தக் கால்வாய். எந்திரமோ வண்டோ, எதை விட்டாலும் அந்தச் சாக்கடை உள்ளே வரும்வரை செடிக்கு மூன்று வேளை சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பது நாம்தான். நன்றாகத் தின்று கொழுத்த செடி, வண்டு கடிப்பதைவிட வேகமாக இலை விடும். விக்டோரியா ஏரி கற்றுத்தந்த பாடமும் இதுதான். கால்வாயைத் திருப்பப் பணம் இல்லை என்கிறார்கள். நான்கு ஆண்டு அள்ளுகூலியைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

வார்டு உறுப்பினருக்கும் ஆணையருக்கும் இதையே மனுவாக எழுதித் தட்டச்சு செய்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். மீனவர் சங்கத்தார் நான்கு பேர் வருகிறார்கள். லைக் போடுவதோடு நிற்காமல் நீங்களும் வாருங்கள். அதற்கு முன்னால் ஒரு காலை வடகரைக்குப் போய் ஓர் இலை பறித்துப் பாருங்கள். சதுரத் தழும்பு இருக்கிறதா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள். நான் சொல்வது தவறென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.